பிரஷர் நோட்டில் ஏன் எல்லாம் பூஜ்யத்தில் முடிகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி பக்கத்துச் சிறு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் பிரஷர் பார்த்துப் பதிவேடு எழுதுபவர்களுக்காகவும், அந்தப் பதிவேட்டிலிருந்து மாதக் கணக்கு எடுப்பவர்களுக்காகவும் இது. கீழே வரும் எண்ணிக்கைகள் விளக்கத்துக்காக நாங்கள் போட்ட கணக்கு. எந்த நிலையத்தின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

எங்க நோட்டுல 140/90, 130/80, 150/90னுதான் வரிசையா இருக்கு. பிரஷர் அப்படித்தானே வரும்? இதுல என்ன தப்பு?

அப்படி வராது. மேசையில் இருக்கும் முள் கருவியை எடுத்து, 130க்கும் 140க்கும் நடுவில் பாருங்கள். அந்த இரண்டு பெரிய கோடுகளுக்கு இடையே நான்கு சின்னக் கோடுகள் இருக்கும். 132, 134, 136, 138 என்று கோட்டுக்குக் கோடு 2 மி.மீ. பழைய பாதரசக் கருவியிலும் இதே அளவுதான். மனிதரின் ரத்தக் குழாய்க்குப் பத்தாம் வாய்பாடு தெரியாது. நூற்றுக்கணக்கானவர்களை அளந்தால் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்து முடிவுகளும் ஏறக்குறைய சமமாக, ஒவ்வொன்றும் ஐந்தில் ஒரு பங்காக விழ வேண்டும். பூஜ்யத்தில் முடிவது மட்டும் பாதிக்கு மேல் போனால், அந்தக் கூடுதல், நோயாளியிடமிருந்து வந்ததில்லை. அளந்தவரின் கண்ணும் கையும் சேர்த்தது. கடைசி இலக்கச் சாய்வு என்பது இதுதான்.

இன்னொரு தடயமும் உண்டு. முள் கருவியில் 135க்கோ 145க்கோ கோடே கிடையாது. முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றாலும் பக்கத்துக் கோட்டைத்தான் எழுத வேண்டும். முள் கருவியில் பார்த்த நோட்டில் 5இல் முடியும் எண்கள் வரிசையாக வந்தால், சின்னக் கோடுகளை யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை நாங்களே சரிபார்க்க முடியுமா? எங்ககிட்ட கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் யாரும் இல்ல.

ஒரு வெள்ளைத்தாளும் அரை மணி நேரமும் போதும். ஒரே ஆள், ஒரே கருவியில் எழுதிய 200 வரிகளைத் தொடர்ச்சியாக எடுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கக் கூடாது. தாளில் 0, 2, 4, 6, 8, ‘மற்றவை’ என்று ஆறு கட்டம் போட்டு, மேல் பிரஷரின் கடைசி இலக்கத்துக்கு ஒரு கோடு வீதம் போட்டுக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டால் எண்ணுவது எளிது. கீழ் பிரஷருக்குத் தனித் தாள்.

200இல் ‘மற்றவை’ தவிர ஒவ்வொரு கட்டத்திலும் 40 வர வேண்டும். தற்செயலாகவே கொஞ்சம் கூடும், குறையும். 29லிருந்து 51 வரை இருந்தால் கவலைப்பட வேண்டாம். இப்படி ஒரு தாள் வருகிறது என்று வையுங்கள்: 0க்கு 124, 2க்கு 18, 4க்கு 19, 6க்கு 17, 8க்கு 22. கணக்குச் சோதனை எதுவும் இல்லாமலே கண்ணுக்குத் தெரிகிறது. எழுதிக் காட்டத்தான் வேண்டும் என்று மேலிடம் கேட்டால் கை-வர்க்கம் போடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் 40லிருந்து விலகிய அளவை அதே அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 40ஆல் வகுத்தால் இந்தத் தாளுக்கு 220.85 வரும். ஐந்து கட்டத்துக்கு 9.49ஐத் தாண்டினாலே தற்செயல் என்று சொல்ல முடியாது.

எக்செல் இருந்தால், மேல் பிரஷர் மட்டும் B பத்தியில் இருக்கும்படி வைத்து இதை எழுதுங்கள்:

```
=SUMPRODUCT((B2:B201<>"")*(MOD(B2:B201,10)=0))
```

கடைசி 0ஐ 2, 4 என்று மாற்றினால் மற்ற இலக்கங்கள் கிடைக்கும். முதல் அடைப்பை விட்டுவிடாதீர்கள். காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், பிரஷரே பார்க்காத நாளெல்லாம் பூஜ்யக் கணக்கில் ஏறிவிடும். 140/90 என்று ஒரே கட்டத்தில் தட்டியிருந்தால் `#VALUE!` என்றுதான் வரும். முதலில் இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சரி, கொஞ்சம் ரவுண்டா எழுதிட்டோம். கூட்டிக் கழிச்சா சராசரி மாறாதே. அப்புறம் என்ன?

சராசரியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. பக்கத்துப் பத்துக்கு மாற்றும்போது 2இல் முடிவது 2 குறைகிறது, 4 நான்கு குறைகிறது, 6 நான்கு கூடுகிறது, 8 இரண்டு கூடுகிறது. ஒன்றுக்கொன்று கழிந்துபோகும். சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்தக் கோளாறு படாததற்கும் அதுவே காரணம்.

ஆனால் மாதா மாதம் நம்மிடம் கேட்பது சராசரியை இல்லை. சிகிச்சையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்பதைத்தான். மேலே 140க்குக் கீழ், கீழே 90க்குக் கீழ் என்பது அதற்கு எல்லை. நம் கெட்ட நேரம், இரண்டு எல்லையும் பூஜ்யத்தில் முடிகின்றன. எல்லோரும் எண்களைக் கொண்டுபோய்க் குவிக்கும் இடமும் அதே 140, அதே 90.

ஒரு நிலையத்தில் 100 பேர். மேல் பிரஷர் மட்டும் பார்ப்போம். கவனமாக அளந்தால் கிடைப்பது இது: 136க்குக் கீழே 46 பேர், சரியாக 136 ஆறு பேர், 138 ஆறு பேர், 140 ஆறு பேர், 142 ஐந்து பேர், 144 ஐந்து பேர், 146உம் அதற்கு மேலும் 26 பேர். 140க்குக் கீழே இருப்பவர்கள் 46, 6, 6 சேர்த்து 58 பேர். கட்டுப்பாடு 58 சதவீதம்.

இதே 100 பேரைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றி எழுதுபவர் பார்க்கிறார். 136உம் 138உம் 140 ஆகிவிடும். 140 கட்டுப்பாட்டில் சேராது. கட்டுக்குள் இருப்பவர்கள் 46 பேர் ஆகிறார்கள். பன்னிரண்டு பேர் ஒரு மாத்திரையும் மாறாமல், உடம்பில் எதுவும் மாறாமல், கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

இன்னொருவர் இருக்கிறார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் அக்காவுக்கு 140, 142 என்று வந்தால் ‘இதுக்குப் போய் ஏன்’ என்று 138 எழுதிவிடுவார். 140 ஆறு பேரும் 142 ஐந்து பேரும் இந்தப் பக்கம் வந்துவிட, கட்டுப்பாடு 69 ஆகிறது.

ஒரே ஊர், ஒரே 100 பேர். 46, 58, 69. இரண்டு நிலையங்களை இந்தச் சதவீதத்தால் ஒப்பிட்டுப் பாராட்டுவதும் கண்டிப்பதும் நடக்கிறது. அந்த ஒப்பீட்டில் பாதி, யார் எப்படி எழுதுகிறார் என்பதன் ஒப்பீடாகவே இருக்கக்கூடும்.

எங்க சிஸ்டர் கூட்டமாட்டாங்க, எப்பவும் குறைச்சுத்தான் எழுதுவாங்க. 148னாலும் 140தான். அப்போ கட்டுப்பாடு கூடிடுமா?

கூடாது. 136, 138 இரண்டும் 130 ஆகும். அவை முன்பும் 140க்குக் கீழேதான் இருந்தன. 140லிருந்து 148 வரை எல்லாம் 140 ஆகும். அவையும் எல்லைக்கு அதே பக்கத்தில்தான் நிற்கின்றன. ஆகவே 58 சதவீதம் அப்படியே இருக்கும். ஆனால் சராசரி ஏறக்குறைய 4 மி.மீ. குறைந்துவிடும். பக்கத்துப் பத்துக்கு மாற்றுபவர் சதவீதத்தைக் கெடுத்துச் சராசரியைக் காப்பாற்றுகிறார். இந்த சிஸ்டர் அதற்கு நேர் எதிர். நோட்டில் இருவருடைய எழுத்தும் பூஜ்யமாகவே தெரியும். எந்த வகை என்று தெரிய, அவர் பார்த்த கையோடு இன்னொருவரும் இரட்டைக் குழாய் ஸ்டெதாஸ்கோப்பில் சேர்ந்து கேட்டு, தனித்தனித் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். இருபது நோயாளிகளுக்குச் செய்தாலே பழக்கம் பிடிபடும்.

ஒரு நோயாளிக்கு 2, 4 வித்தியாசம் பெரிய விஷயமா? டாக்டர் அதைப் பார்த்தா மருந்து மாத்துறாரு?

அதைப் பார்த்துத்தான் மாற்றுகிறார். பிரஷர் ஒரு நாளைக்குள்ளேயே இதைவிட ஆடும் என்பது உண்மை. ஆனால் சீட்டைப் பார்த்து முடிவெடுப்பவர் கையில் இருப்பது அந்த எண் மட்டும்தான். மூன்று மாதமாக ஒருவருக்கு 144, 142, 138 என்று இறங்குகிறது. சீட்டில் 140, 140, 140. மருந்து வேலை செய்யவில்லை என்று அம்லோடிபின் 5 மி.கி.யை 10 ஆக்குவார்கள். கணுக்காலில் வீக்கம், எழும்போது தலைசுற்றல் என்று அவர் திரும்பி வரலாம். வள்ளத்தில் நின்று வலை இழுப்பவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயம் இல்லை.

இன்னொருவருக்கு 144, அடுத்த மாதம் 146. வெறும் 2 மி.மீ. சீட்டில் 140, 150. ‘பத்து ஏறியிருக்கு, கருவாடு தின்னீங்களா’ என்று அவருக்குத் திட்டு விழும்.

நான் வேணும்னு மாத்தி எழுதல. சத்தம் கேட்ட இடம் அதுதான். அப்புறம் எப்படி என் நோட்டுல மட்டும் பூஜ்யம்?

உங்களை நம்புகிறோம். பெரும்பாலும் கோளாறு எழுதும் கையில் இல்லை, வால்வைத் திறக்கும் விரலில் இருக்கிறது. சத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முறைதான் வரும். நாடி நிமிடத்துக்கு 75 என்றால் 0.8 வினாடிக்கு ஒரு துடிப்பு. வினாடிக்கு 2 மி.மீ. வீதம் காற்றை இறக்கினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் முள் 1.6 மி.மீ. மட்டும் நகரும். அடுத்த சின்னக் கோட்டைத் தொடுவதற்குள் சத்தம் கேட்டுவிடும். வெளியே வரிசை நிற்கிறது என்று வால்வைத் தாராளமாகத் திறந்து, வினாடிக்கு 10 மி.மீ. இறங்கவிட்டால், துடிப்புக்கு நடுவில் 8 மி.மீ. போய்விடும். அப்போது முதல் சத்தம் 138இலா 132இலா என்று உங்கள் காதால் சொல்லவே முடியாது. மனது பக்கத்தில் இருக்கும் பெரிய கோட்டைப் பிடித்துக்கொள்ளும். முள் அங்கே நின்றதுபோலவே தோன்றும்.

அதனால் ‘சரியா எழுதுங்க’ என்று சொல்லிப் பயனில்லை. வால்வைப் பழக்க வேண்டும். கஃப்பை யார் கையிலும் கட்டாமல் ஒரு பாட்டிலில் சுற்றி 180 வரை ஏற்றுங்கள். 180லிருந்து 140க்கு இறங்க 20 வினாடி ஆக வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பத்து முறை செய்தால் விரல் பழகிவிடும். முதல் முயற்சியில் பலருக்கும் நான்கைந்து வினாடியிலேயே இறங்கிவிடும்.

பழகிய விரலுக்கும் ஒழுங்கான கருவி வேண்டும். காற்றை முழுக்க விட்டபின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். முள் 4இல் நின்றால் எல்லோருக்கும் தப்பாகத்தான் காட்டும். அது இலக்கச் சாய்வு இல்லை, கருவிக் கோளாறு. உப்புக்காற்றில் திறந்து கிடக்கும் கருவியை உறைக்குள் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்க அனுப்புங்கள்.

டிஜிட்டல் மெஷின் குடுத்துட்டாங்க. இனி இந்தப் பிரச்சனை இல்லல்ல?

மெஷின் 137, 143 என்று ஒற்றை எண்ணும் காட்டும். அதனால் எதிர்பார்ப்பும் மாறுகிறது. பத்து இலக்கமும் வர வேண்டும், ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு. 200 வரியில் பூஜ்யம் 20 பக்கம் இருக்க வேண்டும். பழைய ஆறு கட்டத் தாளை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

ஆனால் திரையிலிருந்து நோட்டுக்கு எண்ணைக் கொண்டுபோவது மனிதர்தான். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர்கள் ஐந்து வீடு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் 137 என்பது 140 ஆகிவிடும். மெஷின் இருந்தும் நோட்டில் ஒற்றை எண்ணே இல்லை என்றால் இதுதான் நடந்திருக்கும். மெஷினின் நினைவகத்தில் கடைசி அளவுகள் இருக்கும். பொத்தானை அழுத்தி, அன்றைய நோட்டோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கஃப் கழற்றுவதற்கு முன், திரை எரியும்போதே எழுதுவதை வழக்கமாக்குங்கள்.

நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு மெஷின் தடுமாறும். அவர்களுக்கு ஸ்டெதாஸ்கோப்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வரிகளைத் தனியாகக் குறித்து, இலக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு முறை பார்த்துச் சராசரி எழுதும் வழக்கம் இருந்தால் முள் கருவியிலும் ஒற்றை எண் வரும். 138, 140 இரண்டின் சராசரி 139 அல்லவா. அப்போதும் பத்து கட்டத் தாள்தான் பொருந்தும்.

எங்க நோட்டுல இப்போ எல்லா இலக்கமும் சமமா வருது. அப்போ சுத்தம்தானே?

இலக்கச் சாய்வு இல்லை என்று மட்டும் சொல்லலாம். 138 எழுதும் அந்தக் கருணைப் பழக்கம் இலக்கத் தாளில் சரியாகத் தெரியாது. 1964இல் ரோஸ், ஹாலண்ட், க்ரௌலி மூவரும் பிரஷர் பார்ப்பவர் செய்யும் பிழைகளை மூன்றாகப் பிரித்தார்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்த பிழை, கடைசி இலக்கச் சாய்வு, எல்லைக்குப் பக்கத்தில் தான் விரும்பிய பக்கம் தள்ளும் பிழை. மூன்றாவதுதான் இது. இதைப் பிடிக்க 130லிருந்து 150 வரை ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். எண்கள் மெதுவாகக் குறைந்துகொண்டே போக வேண்டும். 136க்கு 11, 138க்கு 27, 140க்கு 3, 142க்கு 4, 144க்கு 10 என்று வந்தால், 138இல் மேடும் அதை ஒட்டிப் பள்ளமும் இருக்கிறது. அந்த மேட்டு மண் பள்ளத்திலிருந்து எடுத்ததுதான்.

இலக்கத் தாளை வைத்து மதிப்பெண் போட ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும். பூஜ்யம் குறைய வேண்டும் என்று சொன்ன அடுத்த மாதமே 132, 138 எல்லாம் கற்பனையில் பிறக்கும். தாளை யாருக்கும் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். அவரவர் தாளை அவரவரிடமே கொடுத்தால் போதும்.

தடைக்காலத்துல கட்டுப்பாடு குறையுதுன்னு எங்க கிராஃப் காட்டுது. படகு போகாத கவலையில பிரஷர் ஏறுதா?

ஏறலாம், ஆனால் அந்த கிராஃப் அதைச் சொல்லவில்லை. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மற்ற மாதங்களில் எட்டிப் பார்க்காத ஆண்கள் அப்போதுதான் வருகிறார்கள். ஆட்களே வேறு. போதாததற்குக் கூட்டம் கூடுகிறது, வால்வு தாராளமாகத் திறக்கிறது, பூஜ்யம் பெருகுகிறது. பக்கத்துப் பத்துக்கு மாற்றினால் கட்டுப்பாடு குறைந்து காட்டும் என்று மேலே பார்த்தோம். முதலில் மாதவாரியாகப் பூஜ்யத்தின் பங்கை எடுத்து அந்த கிராஃபுக்குக் கீழே போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் கவலையைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. அதன்பின் வருடம் முழுக்க வருபவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

மூணு வருஷ நோட்டு பூஜ்யமா கிடக்கு. எல்லாத்தையும் தூக்கிப் போடணுமா?

வேண்டாம். ஆனால் தனித்தனி எண்ணைத் திருத்தவும் முடியாது. 140 என்று எழுதியவருக்கு உண்மையில் 136 இருந்ததா 144 இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. கற்பனையாக இலக்கத்தைச் சேர்த்துத் தட்டுவது அதைவிட மோசம்.

கேள்வியை மாற்றிக் கேட்கலாம். எழுதியவர் ஒழுங்காகப் பக்கத்துப் பத்துக்கு மாற்றுபவர் என்று தெரிந்தால், நோட்டில் 130உம் அதற்குக் கீழும் இருப்பவர்கள் உண்மையில் 136க்குக் கீழே இருந்தவர்கள். 150உம் அதற்கு மேலும் இருப்பவர்கள் உண்மையில் 146லிருந்து மேலே. இந்த இரண்டு எல்லையும் பத்துகளுக்கு நடுவில் விழுவதால் மாற்றி எழுதியதால் கெடவில்லை. நம் 100 பேர் கணக்கில் முதலாவது 46, இரண்டாவது 26. நோட்டில் 140 என்று நிற்கும் 28 பேர் மட்டுமே இரண்டு பக்கமும் போகக்கூடியவர்கள். அறிக்கையில் கட்டுப்பாடு 46 சதவீதம் என்று எழுதாமல், 46க்கும் 74க்கும் இடையில் என்று எழுதி, 28 பேர் 140இல் குவிந்திருக்கிறார்கள் என்ற காரணத்தையும் சேருங்கள். அகலமான பதில்தான், ஆனால் அந்த நோட்டு தாங்கக்கூடிய பதில் அவ்வளவே. முதல் வேலையாக அந்த 28 பேரைக் கூப்பிட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, வால்வை மெதுவாகத் திறந்து இரண்டு முறை மறுபடி பாருங்கள்.